டைனமிக் புரோகிராமிங்: குழாய் வெட்டும் கணக்குக்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

பட்டறைக்காரர்களுக்காக ஒரு கையேடு எழுதுகிறேன். 6000 மி.மீ. குழாயில் 1750, 1300, 950 நீளத் துண்டுகள் எடுக்க வேண்டும். பெரியதை முதலில் வெட்டுகிற வழக்கப்படி 1750இல் மூன்று போட்டால் 750 வீண். அதற்குப் பதில் 0 முதல் 6000 வரை ஒவ்வொரு நீளத்திலும் அதிகபட்சம் எவ்வளவு பயன்படும் என்று அட்டவணை போட்டு, சின்ன நீளத்தின் விடையை வைத்தே பெரிய நீளத்தின் விடையைப் பிடித்தால், 1750 ஒன்று, 1300 ஒன்று, 950 மூன்று என்று வருகிறது, மிச்சம் 100தான். இதை ‘இயங்கு நிரலாக்கம்’ என்று எழுதினால் படிப்பவர் மோட்டாரைத் தேடுவார். வேறு சொல் உண்டா?

---

> இயங்கு நிரலாக்கம்

இதில் என்ன தவறு? கணினியில் நிரல் எழுதித்தானே செய்கிறோம், அட்டவணையும் மாறிக்கொண்டே போகிறது. அப்படியே இருக்கட்டும்.

---

நிரலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1950களில் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன் இந்தப் பெயரை வைத்தபோது புரோகிராமிங் என்றால் திட்டமிடல். தாளில் போட்டாலும் இதே முறைதான். என் ஓட்டு ‘படிமுறைத் திட்டமிடல்’.

---

படிமுறையை அல்காரிதத்துக்கு ஏற்கெனவே சிலர் எடுத்துக்கொண்டார்கள், குழம்பும். பழைய விடையை ஏட்டில் குறித்து மறுபடி எடுப்பதுதான் இதன் உயிர், அதனால் ‘விடையேட்டு முறை’?

---

பெயர் எதுவானாலும் சரி, பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. தின்கிறதே, அது எங்கே? அப்புறம் எனக்கு வேண்டியது பிளைவுட், அதற்கும் இந்த அட்டவணை ஆகுமா?

---

பிளேடுக்கு வழி சுலபம்: துண்டுகளை 1753, 1303, 953 என்றும் குழாயை 6003 என்றும் வைத்துக் கணக்குப் போடுங்கள். கடைசித் துண்டு குழாய் முனையோடு சரியாக முடிந்தால் அங்கே வெட்டு இல்லை, அதற்குத்தான் குழாயிலும் அந்த 3. பிளைவுட் வேறு கதை, நீளம் அகலம் இரண்டும் வரும், ரேகை ஓடும் பக்கம் பார்க்க வேண்டும், இந்த அட்டவணை அப்படியே உதவாது.

கையேடு எழுதுபவருக்கு ஒன்று. உங்கள் அட்டவணை ஒரு குழாய்க்குத்தான் சிறந்தது. 1750 ஆறு, 1300 மூன்று, 950 மூன்று என்று ஆர்டர் வந்தால் என்ன ஆகும்? 100 மிச்சம் வரும் வெட்டை முதல் குழாயில் போட்டால் 950 எல்லாம் தீர்ந்துவிடும். அடுத்த குழாயில் 1750 மூன்று. மீதி 1750 இரண்டும் 1300 இரண்டும் சேர்ந்து 6100, ஒரே குழாயில் அடங்காது, நாலாவது குழாய் வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் 1750 இரண்டு, 1300 ஒன்று, 950 ஒன்று என்று வெட்டியிருந்தால் குழாய்க்கு 250 வீண் போனாலும் மூன்றிலேயே முடிந்திருக்கும். முழு ஆர்டருக்கும் சேர்த்துத் தேட வேண்டும், அட்டவணை அதற்குள் ஒரு பகுதிதான்.

---

இது எனக்குத் தட்டுப்படவே இல்லை, அந்தப் பக்கத்தைத் திருத்துகிறேன். சொல் விஷயத்தில் ‘விடையேட்டு முறை’ பிடித்திருக்கிறது, ஆனால் திட்டமிடல் என்ற பொருள் அதில் விழுந்துவிடுகிறதே?

---

‘விடையேட்டுத் திட்டமிடல்’ என்றால் நீளம். எனக்கு இன்னும் நிரலாக்கம்தான்.