மியூனிக் கருத்தரங்கு: அழைப்புக் கடிதத்தை எப்படிக் கேட்பது?

உட்லண்ட்ஸ் வாசி: சிங்கப்பூர் வந்து நான்கு மாதம் ஆகிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸ், இந்திய பாஸ்போர்ட். அக்டோபர் 14 முதல் 16 வரை மியூனிக்கில் ஒரு கருத்தரங்கு. 17ஆம் தேதி அங்கே எங்கள் கூட்டாளி நிறுவனத்தில் சந்திப்பு. ஷெங்கன் விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டும் என்று அந்த நிறுவனத்து இன்ஜினியரிடம் கேட்டேன். "மியூனிக்கில் சந்திப்போம், காத்திருக்கிறேன்" என்று இரண்டு வரி மெயில் வந்தது. இதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதுமா? மறுபடி கேட்கச் சங்கடமாக இருக்கிறது.

துபாய் பழசு: போதாது தம்பி. ஜெர்மனிக்கு ஃபெர்ஃப்ளிஷ்டுங் என்று ஒரு பத்திரம் உண்டு, முழுப் பெயரைச் சொன்னால் வாய் வலிக்கும். உங்கள் செலவுக்கு நான் பொறுப்பு என்று அழைப்பவர் அங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் கவுண்டரிலேயே திருப்பி விடுவார்கள்.

ஜூரோங் மலர்: என் அம்மாவையும் அப்பாவையும் இங்கே வரவழைக்கக் கடிதம் வேண்டும். அதற்கும் இதே மாதிரிதானா?

ஸ்டுட்கார்ட் அக்கா: மலர், அது சிங்கப்பூர் விசா, வேறு கதை. தனியாகக் கேளுங்கள்.

துபாய் அண்ணா சொல்லும் பத்திரம் பெரும்பாலும் சொந்தக்காரர்களை அழைக்கும்போது கேட்பது. நிறுவனம் அழைத்தால் பொதுவாக அவர்கள் கடிதமும், செலவை ஏற்கிற உங்கள் சிங்கப்பூர் முதலாளியின் கடிதமும் சேர்ந்தே வேலையை முடித்துவிடும். ஜெர்மன் நிறுவனமே செலவை ஏற்றால், தங்குரிமைச் சட்டத்தின் 66 முதல் 68 வரையான பிரிவுகளின்படி ஏற்கிறோம் என்று கடிதத்தில் ஒரு வரி கேட்பதுண்டு. தூதரகத்தின் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

இந்தக் கடிதங்களை எங்கள் அலுவலகத்தில் நான்தான் தயார் செய்கிறேன். இன்ஜினியருக்கு இது தெரிந்திருக்காது, அவர் மேல் தப்பில்லை. அவருடைய மேலாளரின் உதவியாளர் யார் என்று கேளுங்கள். வரைவை நீங்களே எழுதி வேர்டு கோப்பாக அனுப்புங்கள். வெறுங்கையோடு கேட்டால் இரண்டு வாரம் கிடக்கும், வரைவோடு கேட்டால் இரண்டு நாளில் கையெழுத்தாகி வரும். சங்கடமே வேண்டாம்.

வரைவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், உங்கள் பதவி, நிறுவனம். அப்புறம் தேதி: 13 வந்து 18 திரும்பினால் "அக்டோபர் 13 முதல் 18 வரை" என்றே இருக்கட்டும். 17 மட்டும் போட்டால் மற்ற நாளெல்லாம் எதற்கு என்று கேள்வி வரும். கருத்தரங்கு, சந்திப்பு இரண்டையும் காரணமாகச் சொல்லுங்கள். செலவைப் பிரித்து எழுதுங்கள்: விமானம் யார், ஓட்டல் யார். "செலவுகள் ஏற்கப்படும்" என்று மொட்டையாக விட்டால் யார் என்று தெரியாது.

துபாய் பழசு: சரி, என்னிடம் அந்தப் பத்திரம் கேட்டது என் சொந்தத் தம்பி அழைத்தபோது. ரெண்டையும் குழப்பிக்கொண்டேன்.

மிசிசாகா அண்ணை: எனக்கு பெயரில்தான் பிரச்சினை வந்தது. சிலோன் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுசாக முன்னுக்கு நிற்குது. அவங்கள் மெயிலில் பார்த்த சுருக்கப் பெயரைப் போட்டு அனுப்பினவங்கள். திருப்பி எழுத வைக்க ஒரு கிழமை போனது.

ஸ்டுட்கார்ட் அக்கா: இனிஷியல் உள்ள நமக்கெல்லாம் அதுதான் தொல்லை. பாஸ்போர்ட் பக்கத்தின் ஸ்கேனையும் வரைவோடு அனுப்பிவிடுங்கள்.

கடிதம் வந்ததும் அடிப்பகுதியைப் பாருங்கள். ஜிஎம்பிஹெச் என்பது நம்ம பிரைவேட் லிமிடெட் மாதிரி; அப்படிப்பட்ட ஜெர்மன் நிறுவனத்தின் கடிதத்தாளில் பதிவு நீதிமன்றம், ஹெச்.ஆர்.பி. என்ற பதிவு எண், நிர்வாக இயக்குநர் பெயர்கள் சின்ன எழுத்தில் இருக்கும், சட்டமே அப்படி. அது இல்லாமல் வெறும் வேர்டு தாளில் வந்தால் திருப்பி அனுப்புங்கள். கையெழுத்துக்கு முன்னால் பி.பி.ஏ. என்று இருந்தால் நிறுவனத்துக்காகக் கையெழுத்திடப் பதிவு பெற்றவர் என்று அர்த்தம். கீழே அவர் பெயரும் நேரடித் தொலைபேசியும் வேண்டும், தூதரகம் அழைத்துப் பார்க்கலாம்.

உட்லண்ட்ஸ் வாசி: நன்றி அக்கா. ஸ்கேன் போதுமா, அசல் தபாலில் வர வேண்டுமா?

மிசிசாகா அண்ணை: என்னிடம் பிரிண்டையே வாங்கினவங்கள்.

துபாய் பழசு: என் சக ஊழியரிடம் அசல் கேட்டார்கள். இடத்துக்கு இடம் மாறும் போல.

ஸ்டுட்கார்ட் அக்கா: முடிந்தால் அசலும் வரட்டும், ஆனால் அதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாதீர்கள். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு பயணத்துக்குப் பதினைந்து நாள் முன்னால். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள்வரை இழுக்கவும் அனுமதி உண்டு. 13ஆம் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்ட் 29. அதற்குள் கொடுத்துவிடுங்கள். கருத்தரங்குப் பதிவு ரசீதும் சேருங்கள். அந்த ஏற்பாட்டாளர்கள் கட்டணம் கட்டிய பிறகே கடிதம் தருவது வழக்கம்.

உட்லண்ட்ஸ் வாசி: இன்று கடிதம் வந்தது. ஹெச்.ஆர்.பி. இருக்கிறது, பி.பி.ஏ. கையெழுத்தும் இருக்கிறது. பாஸ்போர்ட் எண்ணில் இரண்டு இலக்கம் மாறிப்போயிருக்கிறது. உதவியாளருக்கு மெயில் போட்டேன். "விடுமுறையில் இருக்கிறேன், 25ஆம் தேதி திரும்புவேன்" என்று தானியங்கி பதில். அந்த இன்ஜினியரையே பிடிக்கலாமா அக்கா?

ஸ்டுட்கார்ட் அக்கா: அந்தத் தானியங்கி மெயிலின் கடைசி வரியில் அவசரத்துக்கு இன்னொருவர் பெயர் இருக்கும், பாருங்கள். அவருக்கே எழுதுங்கள்.