கலைச்சொல் விவாதம்: ‘பீக் கன்கரன்ட் வியூவர்ஸ்’ தமிழில்

ஆத்தங்குடியிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் பட்டறையில் ஆத்தங்குடிக் கல் வார்ப்பதைச் சென்ற ஞாயிறன்று ஒன்றரை மணி நேரம் யூடியூபில் நேரலையாகக் காட்டினோம். மொத்தப் பார்வைகள் 900 என்றும், பீக் கன்கரன்ட் வியூவர்ஸ் 210 என்றும் கணக்கு வந்துள்ளது. பின்னதை ‘உச்சப் பார்வையாளர்’ என்று எழுதலாமா?

தேவகோட்டையிலிருந்து:
தாராளமாக எழுதலாம். அன்று வந்தவர்கள் 210 பேர், அவர்களே சிலமுறை வந்து போனதால் 900 ஆயிற்று, அவ்வளவுதான். என் சமையல் நேரலைக்கு 40 பேரைத் தாண்டுவதே இல்லை. இரவு எட்டு மணிக்கு வைப்பது தவறோ என்று யாரேனும் சொன்னால் நலம்.

காரைக்குடியிலிருந்து:
வந்து போனது 900 முறை என்பது சரி. வந்தவர்களே 210 பேர் என்பது சரியன்று. திருமண வீட்டில் முகப்பைத் தாண்டியவர்கள் நாள் முழுவதும் வந்தவண்ணம் இருப்பார்கள். வளவில் ஒரே நேரத்தில் மிகுதியாக நின்றவர்களின் கணக்கு வேறு. அந்த ‘ஒரே நேரத்தில்’ என்பது சொல்லுக்குள் வந்தாக வேண்டும் என்பதால் ‘உடன்பார்ப்போர் உச்சம்’ என்பேன். ஆத்தங்குடித் தம்பி, அந்த 210 எந்த நிமிடத்தில் வந்தது?

ஆத்தங்குடியிலிருந்து:
நாற்பதாவது நிமிடத்தில், ஆச்சி. அப்போது கல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. உறவினர் ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டாராம். ஐந்தே நிமிடத்தில் 85 ஆக இறங்கிவிட்டது. 210 பேர் இருந்த அந்த நாற்பதாவது நிமிடத்தில் 21 அரட்டைச் செய்திகள் வந்தன. கண்ணாடியின் மேல் வண்ணம் ஊற்றி அச்சைத் தூக்கிய இருபதாவது நிமிடத்தில் 60 பேர் இருந்தார்கள், 18 செய்திகள் வந்தன.

காரைக்குடியிலிருந்து:
அப்படியானால் நூறு பேருக்கு இத்தனை செய்திகள் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: அச்சைத் தூக்கியபோது 30, உச்சத்தின்போது 10. கூட்டம் வந்தது இணைப்பால், பேசவைத்தது அச்சு. அடுத்த முறை அச்சுத் தூக்குவதை மூன்று நான்கு கற்களுக்கு இடைவெளி விட்டு வையுங்கள், இணைப்பை அதற்குச் சற்று முன் பகிரச் சொல்லுங்கள். படம் பார்ப்பவரை அடையச் சில நொடிகள் முதல் அரை நிமிடம் வரை ஆகலாம் என்பதால், அரட்டை ஏறிய இடத்திற்குச் சற்று முன்னால் நடந்ததைத்தான் காரணமாகக் கொள்ள வேண்டும். தொடக்கத்தில் கொட்டும் ‘வணக்கம்’களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த 18 செய்திகளை எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் எண்ணுங்கள். இருவர் தமக்குள் பேசிக்கொண்டாலும் எண் ஏறும்.

தேவகோட்டையிலிருந்து:
‘உடன்பார்ப்போர்’ என்றால் என்னுடன் அமர்ந்து பார்க்கும் வீட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. ‘ஒருநேரப் பார்வையாளர் உச்சம்’ நீளம்தான், ஆனால் தெளிவு.

ஆத்தங்குடியிலிருந்து:
எண்ணிவிட்டேன் ஆச்சி, 11 பேர். அவர்களில் நால்வர் விலை கேட்டிருக்கிறார்கள்; நான் அப்போது கவனிக்கவே இல்லை. சொல்லைப் பொறுத்தவரை எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. ‘சாட் ரேட்’டுக்கு ‘அரட்டை வீதம்’ என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.