ராணுவமும் பயன்படுத்தும் மின்நிலையம்: தாக்கலாமா, கூடாதா?

இளவேனில்:
ஒரே மின்நிலையத்திலிருந்து ஊருக்கும் கரண்ட் போகிறது, ராணுவ முகாமுக்கும் போகிறது. போரில் அதைத் தாக்கினால் சட்டப்படி சரியா? "இரட்டைப் பயன்பாடு" என்று சொல்லிவிட்டால் போதும் என்கிறார்கள் சிலர். உண்மையா?

கோட்டைவாசல்:
இதில் குழப்பமே இல்லை. ராணுவம் பயன்படுத்தினால் அது ராணுவ இலக்கு. 1991இல் ஈராக்கின் மின்கட்டமைப்பை அடித்தார்கள், 1999இல் செர்பியாவில் அடித்தார்கள். பொதுமக்களுக்கு ஏற்படும் சேதம் அளவுக்கு மீறிப் போகிறதா என்று மட்டும்தான் பார்க்க வேண்டும்.

தேவகி ரா:
பாதி சரி, கோட்டைவாசல். மற்ற பாதியில்தான் வழக்கே இருக்கிறது.

ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறையில் "இரட்டைப் பயன்பாடு" என்று தனி வகை ஏதும் கிடையாது. ஒரு பொருள் ராணுவ இலக்காக இருக்கும், அல்லது குடிசார் பொருளாக இருக்கும். 52ஆம் பிரிவு இரண்டு கேள்விகள் கேட்கிறது. அந்தப் பொருள் தன் இயல்பாலோ, இருக்கும் இடத்தாலோ, நோக்கத்தாலோ, பயன்பாட்டாலோ ராணுவ நடவடிக்கைக்கு உருப்படியான பங்களிப்புச் செய்கிறதா? அதை அழிப்பதால் *அந்த நேரத்து நிலைமையில்* திட்டவட்டமான ராணுவ அனுகூலம் கிடைக்கிறதா? இரண்டுக்கும் "ஆம்" வந்த பிறகுதான் நீங்கள் சொல்லும் சேதக் கணக்கு. நீங்கள் மூன்றாம் படியிலிருந்து தொடங்குகிறீர்கள்.

"ராணுவம் பயன்படுத்துகிறது" என்பது முதல் கேள்விக்கே முழுப் பதில் ஆகாது. முகாமின் சமையலறை விளக்கு எரிவதும் பயன்பாடுதான். இலக்குப் பட்டியல் தயாரிப்பவர் கேட்க வேண்டியது வேறு: எந்தப் படைப்பிரிவு அல்லது எந்த ஆயுத ஆலை இந்த மின்சாரத்தை இழுக்கிறது? எந்தத் துணை மின்நிலையம் வழியாக, எந்த லைனில்? கரண்ட் போனால் அங்கே எந்த வேலை நிற்கும், எத்தனை நேரத்துக்கு? ரேடார், ஏவுகணைத் தளம், கட்டளை மையம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் சொந்த ஜெனரேட்டர் உண்டு. நகரின் குடிநீர்ப் பம்புக்கு அநேகமாக இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் கரண்டை வெட்டினால் ராணுவத்துக்கு அன்றிரவு எந்த வேலையும் நிற்காது, ஊருக்குத்தான் தண்ணீர் நிற்கும். இரண்டாம் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

கோட்டைவாசல்:
ஹிர்கிகோ வழக்கைப் படித்திருப்பீர்களே? அது என் பக்கம்.

தேவகி ரா:
படித்திருக்கிறேன். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2000 மே 28 அன்று எத்தியோப்பிய விமானங்கள் எரித்திரியாவின் மசாவா அருகிலுள்ள ஹிர்கிகோ மின்நிலையத்தைக் குண்டுவீசித் தாக்கின. நிலையம் அப்போது சோதனைக் கட்டத்தில்தான் இருந்தது. மூன்று வாரத்தில், ஜூன் 18 அன்று, சண்டைநிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. 2005 டிசம்பர் 19இல் எரித்திரியா–எத்தியோப்பியா கோரிக்கை ஆணையம் பெரும்பான்மையாக இது ராணுவ இலக்குதான் என்று தீர்ப்பளித்தது. மின்நிலையங்கள் ஒரு நாட்டின் போர்க்காலத் தகவல்தொடர்பு, போக்குவரத்து, தொழில் ஆகியவற்றுக்கு முக்கியம், ஆகவே வழக்கமாக ராணுவ இலக்காகும் என்பது அதன் வாதம். மசாவாவில் துறைமுகமும் கடற்படை வசதியும் இருந்தன. நிலையம் இன்னும் முழுதாக ஓடவில்லை என்பதால் "பயன்பாடு" அல்ல, "நோக்கம்" என்ற சொல்தான் அங்கே சுமையைத் தாங்கியது.

அதே தீர்ப்பில் நீங்கள் விட்டுவிட்டது ஒன்று உண்டு. பொதுக் கட்டமைப்பிலிருந்து பிரிக்கப்பட்டு மருத்துவமனை போன்ற மனிதாபிமானத் தேவைக்கு மட்டும் மின்சாரம் தரும் நிலையம் இலக்காகாது என்று ஆணையமே சொன்னது. அப்படியென்றால் மின்நிலையம் என்ற பெயர் மட்டும் போதாது. ஆணையத்தின் தலைவர் வான் ஹூட்டே பெரும்பான்மையோடு உடன்படவில்லை. அந்த நாளில், அந்த நிலைமையில் திட்டவட்டமான அனுகூலம் இருந்தது நிரூபிக்கப்படவில்லை என்பது அவர் நிலை. என் பார்வையில் அவர் சொன்னதே சரி. "மின்நிலையம் வழக்கமாக இலக்கு" என்று தொடங்கினால், நேரத்தைப் பற்றிய சொற்கள் சட்டத்தில் எதற்கு?

இன்னொன்று: அதே தீர்ப்பில் அசாப் அருகே ஹர்சிலே நீர்த்தேக்கத்தைத் தாக்கியதற்கு எத்தியோப்பியா பொறுப்பு என்று முடிவானது. தண்ணீர், பயிர் போன்ற உயிர்ப்பிழைப்புக்கு இன்றியமையாதவற்றுக்கு 54ஆம் பிரிவு தனிப் பாதுகாப்புத் தருகிறது. மின்சாரம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. ஆனால் நகரக் குழாயில் தண்ணீர் வருவது மின்சாரத்தால்தான் என்பதை நெறிமுறை எழுதியவர்கள் இன்றைய அளவுக்கு யோசித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

மின்கம்பி குணா:
சட்டம் எனக்குத் தெரியாது, கிரிட் தெரியும். நீங்கள் "மின்நிலையம்" என்று ஒரே பொருளாகப் பேசுகிறீர்கள். அது ஒரே பொருள் இல்லை. ஜெனரேட்டர் கூடம், சுவிட்ச்யார்டு, டிரான்ஸ்ஃபார்மர், வெளியே போகும் லைன் என்று பிரித்துப் பாருங்கள். எதை அடித்தீர்கள் என்பதைப் பொறுத்து இருட்டு சில மணி நேரமா, ஆண்டுக்கணக்கா என்பது மாறும்.

1991இல் திட்டம் போட்டவர்கள் சுவிட்ச்யார்டையும் டிரான்ஸ்ஃபார்மரையும் அடியுங்கள், ஜெனரேட்டர் கூடத்தை விடுங்கள், சீக்கிரம் பழுதுபார்க்கலாம் என்று நினைத்தார்கள். ஆனால் பல இடங்களில் ஜெனரேட்டர் கூடத்திலேயே குண்டு விழுந்தது. விளைவு, கழிவுநீர் சுத்திகரிப்பு நின்று சாக்கடை அப்படியே ஆற்றில் கலந்தது. 1999 மே 2 இரவு செர்பியாவில் நேட்டோ போட்டது கிராஃபைட் இழைக் குண்டு. மெல்லிய கடத்தும் இழைகள் லைன் மேலும் இன்சுலேட்டர் மேலும் விழுந்து ஷார்ட் ஆகும், பாதுகாப்பு ரிலே டிரிப் ஆகும். நாட்டின் பெரும்பகுதி இருண்டது. ஆனால் இழையைத் துடைத்து எடுத்து சார்ஜ் செய்யலாம். எதுவும் உடைவதில்லை, பெரும்பாலான இடங்களில் ஒரு நாள் வேலை.

உக்ரைன் வேறு கதை. அங்கே பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் அடிபட்டன. 750 கிலோவோல்ட் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் கடையில் கிடைக்காது. 200 டன்னுக்கு மேல் எடை, ஆர்டர் கொடுத்துச் செய்ய வேண்டும், ஒரு வருடமோ அதற்கு மேலுமோ ஆகும். மேற்கு ஐரோப்பாவில் 400, 220 கிலோவோல்ட் கிரிட். உக்ரைனில் 750, 330. பக்கத்து நாட்டு உபரி டிரான்ஸ்ஃபார்மரை அப்படியே கொண்டுவந்து மாட்ட முடியாது.

தேவகி ரா:
குணா சொன்னது சட்டத்துக்கு நேராக உதவும். "முழு அழிப்போ பகுதி அழிப்போ, கைப்பற்றலோ, செயலிழக்கச் செய்தலோ" என்றுதான் 52ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு லைனை ஒரு நாள் முடக்கினாலே தேவையான அனுகூலம் கிடைக்குமென்றால், ஜெனரேட்டர் கூடத்தை உடைத்ததற்கு விளக்கம் சொல்ல வேண்டும். 57ஆம் பிரிவும் சும்மா விடாது. ஒரே அனுகூலம் தரும் பல இலக்குகள் இருந்தால் மக்களுக்கு ஆபத்து குறைந்ததைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பட்டறை சேகர்:
நடுவில் ஒரு சந்தேகம். எங்கள் பட்டறையில் ஐந்து அச்சு மில்லிங் மெஷின் இருக்கிறது. அதை வாங்கும்போதே "இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்" என்று ஏற்றுமதி உரிமம் கேட்டார்கள். அப்படியென்றால் போர் வந்தால் எங்கள் பட்டறையும் இலக்கா?

தேவகி ரா:
இல்லை சேகர், அது வேறு சங்கதி. அது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல், வாசனார் ஏற்பாடு மாதிரியானது. ஒரு மெஷின் ஆயுதம் செய்ய *உதவக்கூடும்* என்பதற்காக உரிமம் கேட்கிறார்கள். தாக்குதல் சட்டம் அந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை. உங்கள் மெஷின் பம்ப் பாகம் கடைந்தால் பட்டறை குடிசார் பொருள். போரிடும் படைக்கு ஏவுகணைத் துடுப்பு கடைந்தால் கதை மாறும், உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கோட்டைவாசல்:
சரி, ஜெனரேட்டர் வாதத்துக்கு வருகிறேன். ரேடாருக்கு ஜெனரேட்டர் இருக்கலாம். ரயிலுக்கு? மின்மயமான பாதையில் டாங்கியும் ஷெல்லும் முன்னணிக்குப் போகின்றன. இழுவை மின்சாரத்தை வெட்டினால் அது நேரடியான பங்களிப்பை நிறுத்துவதுதானே? ஆயுத ஆலையின் உலையும் ஜெனரேட்டரில் ஓடாது.

தேவகி ரா:
ரயிலில் உங்கள் வாதம் வலுவானது, ஒத்துக்கொள்கிறேன். இழுவைத் துணை மின்நிலையத்தை, அந்தப் பாதையில் படைச்சரக்கு ஓடும் காலத்தில் அடித்தால் முதல் கேள்வி கடந்துவிடும். டீசல் எஞ்சின் எத்தனை இருக்கிறது என்பது இரண்டாம் கேள்விக்குள் வரும். ஆனால் அது ஒரு பாதைக்கான துணை மின்நிலையம். அதை வைத்து நாடு முழுக்க உள்ள 750 கிலோவோல்ட் முனைகளை இலக்காக்க முடியாது. குளிர்காலம் தொடங்கும்போது எல்லா நகரத்தையும் ஒரே வாரத்தில் அடிப்பதற்கு "அங்கங்கே ஆலை இருக்கிறது" என்பது விளக்கமாகாது. எந்த ஆலை, எந்த லைன் என்று பதிவு இருக்க வேண்டும்.

கோட்டைவாசல்:
பொருளாதாரத்தை முடக்கினால் போர் முடங்கும். அமெரிக்கா இதைத்தான் "போரைத் தாங்கிநிற்கும்" பொருள் என்கிறது. 2015 நவம்பரில் சிரியாவில் ஐஎஸ் எண்ணெய் லாரிகள் 116ஐ அழித்தார்களே.

தேவகி ரா:
அது அமெரிக்காவின் நிலைப்பாடு, பெரும்பாலான நாடுகளும் அறிஞர்களும் ஏற்காதது. அமெரிக்கா முதல் நெறிமுறையில் சேரவும் இல்லை. உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பருத்தியை எரித்ததிலிருந்து அந்த வாதத்தை எடுக்கிறார்கள். பணம் தருவதெல்லாம் இலக்கு என்றால் வரி வசூல் அலுவலகமும் இலக்குதான், வரி கட்டும் கடையும் இலக்குதான். கோடு எங்கே விழும்? லாரித் தாக்குதலிலும் ஓட்டுநர்களுக்கு ஏறத்தாழ 45 நிமிடம் முன்பே துண்டுப் பிரசுரம் போட்டார்கள். லாரியை இலக்காகக் கருதியவர்களே ஓட்டுநரை அப்படிக் கருதவில்லை.

இளவேனில்:
இரண்டு கேள்வியும் "ஆம்" என்று வைத்துக்கொள்வோம். சேதக் கணக்கில் எதைச் சேர்ப்பது? நிலையமே இலக்கு ஆகிவிட்டதால், அது ஊருக்குத் தந்த கரண்ட் போனது கணக்கில் வருமா?

தேவகி ரா:
இங்கேதான் கருத்து பிளந்து நிற்கிறது. போஸ்னியாவின் மோஸ்தார் பழைய பாலத்தைப் பாருங்கள், 1993 நவம்பர் 9 அன்று இடிந்தது. பாலம் ராணுவ இலக்குதான், ஆனால் இடித்ததால் அக்கரை முஸ்லிம் மக்களுக்கு ஏற்பட்ட பாதிப்பு அளவுக்கு மீறியது என்று யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் விசாரணை அமர்வு 2013இல் சொன்னது. 2017இல் மேல்முறையீட்டு அமர்வு அதை மாற்றியது. இலக்கு என்றான பிறகு இடித்ததை ராணுவத் தேவையற்ற அழிப்பு என்று சொல்ல முடியாது என்றது. நீதிபதி போக்கார் ஏற்கவில்லை. எனக்கும் அது சிக்கலாகவே தெரிகிறது. பொருள் தன் குடிசார் பாதுகாப்பை இழந்தாலும், பம்ப் நின்று வரும் காலராவும் அறுவை மேசையில் நின்ற வெண்டிலேட்டரும் மக்களுக்கு வரும் சேதம்தான். அது 51ஆம் பிரிவில் எடையிடப்பட வேண்டும்.

கோட்டைவாசல்:
உடனடிச் சேதம் சரி. மூன்று மாதம் கழித்து வரும் காலராவை விமானி எப்படி முன்கூட்டிக் கணிப்பான்?

மின்கம்பி குணா:
விமானிக்குத் தெரிய வேண்டியதில்லை. இலக்கைத் தேர்ந்தெடுக்கும் அறையில் கிரிட் வரைபடம் இருக்கும். எந்த பஸ்பார் எந்தப் பம்பிங் ஸ்டேஷனுக்குப் போகிறது என்பது அதிலேயே இருக்கிறது. 1991க்குப் பிறகு யாரும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

தேவகி ரா:
சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 மார்ச் 5 அன்று ரஷ்யத் தளபதிகள் கோபிலாஷ், சோகோலோவ் இருவருக்கும் கைதாணை பிறப்பித்தபோது, 2022 அக்டோபர் 10 முதல் உக்ரைனில் நடந்த மின்கட்டமைப்புத் தாக்குதல்களுக்கு இரண்டு போர்க்குற்றச்சாட்டுகளையும் வைத்தது: குடிசார் பொருள்மீது தாக்குதல், அளவுக்கு மீறிய பக்கச் சேதம். எந்தத் துணை மின்நிலையம் முதல் வகை, எது இரண்டாம் வகை என்பது விசாரணை நடந்தால்தான் பிரியும். கோட்டைவாசல் கேட்ட மூன்று மாதக் கேள்வியும் அங்கேதான் வந்து நிற்கும்.

கோட்டைவாசல்:
ஹிர்கிகோவில் பெரும்பான்மை என் பக்கம் என்பதை மறக்க வேண்டாம்.