பேட்டர்ன் எடையை 16ஆல் பெருக்கினேன், வார்ப்பு 23 கிலோ குறைவாக வந்திருக்கிறது. எங்கே தப்பு?

தேக்குப்பலகை:
பேரிங் ஹவுசிங் ஒன்று, சாம்பல் வார்ப்பிரும்பு. மர பேட்டர்னை அப்படியே தராசில் வைத்ததில் 3.38 கிலோ. பட்டறையில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் வார்ப்பிரும்புக்கு 16 என்று இருந்தது. 3.38 × 16 = 54 கிலோ என்று கணக்குப் போட்டு இரும்பு உருக்கினோம். ரன்னர், ரைசர் எல்லாம் வெட்டிய பிறகு வார்ப்பு 30.8 கிலோதான். வார்ப்பில் பொள்ளல் எதுவும் இல்லை. கணக்கில் எதை விட்டேன்?

உலைக்களம்:
ரன்னர், ரைசருக்கு எவ்வளவு சேர்த்தீர்கள்? எங்கள் பக்கம் வார்ப்பு எடையில் பாதியைக் கூடுதலாக உருக்குவோம்.

தேக்குப்பலகை:
அது தனிக் கணக்கு அண்ணே. நான் கேட்பது வெட்டிய வார்ப்பின் எடையை மட்டும்.

மரத்தச்சன்:
உங்கள் பெயரிலேயே விடை இருக்கிறது. 16 என்பது பைன் மாதிரி லேசான மரத்துக்கு. இரும்பின் அடர்த்தி சி.சி.க்கு 7.1 கிராம் என்று வைத்தால், மரம் 0.44 இருந்தால்தான் 16 வரும். தேக்கு அதைவிட நல்ல கனம். அட்டவணையை விடுங்கள், அதே பலகையில் மிஞ்சிய துண்டு ஒன்றை 10 × 5 × 4 சென்டிமீட்டருக்கு இழைத்து எடை போடுங்கள். 200 சி.சி. துண்டு எத்தனை கிராம்?

இன்னொன்று, பேட்டர்னில் கோர் பிரிண்ட் இருக்கிறதா? தட்டி எடுக்க இரும்புத் தகடு பதித்திருக்கிறீர்களா?

தேக்குப்பலகை:
துண்டு 128 கிராம். அப்படியானால் 0.64. கோர் பிரிண்ட் இரண்டு பக்கமும் உண்டு, 60 மி.மீ. விட்டம், ஒவ்வொன்றும் 50 மி.மீ. நீளம். நடுவில் கோர் போகும் நீளம் 120 மி.மீ., அங்கே பேட்டர்ன் திண்மமாகத்தான் இருக்கிறது. தகடு இரண்டு, கழற்றி எடை போட்டேன், திருகோடு சேர்த்து 180 கிராம்.

மரத்தச்சன்:
அந்த 180 கிராமைத்தான் முதலில் பாருங்கள். அது மரமே இல்லை, ஆனால் நீங்கள் அதையும் 16ஆல் பெருக்கி 2.9 கிலோ இரும்பாக்கிவிட்டீர்கள். அது அடைக்கும் இடம் சுமார் 23 சி.சி., வார்ப்பில் அதற்கு 160 கிராம்தான் வரும்.

இப்போது மரம் மட்டும் 3.20 கிலோ. 0.64ஆல் வகுத்தால் 5000 சி.சி. கோர் பிரிண்ட் இரண்டும் சேர்த்து 283 சி.சி., அந்த இடத்தில் மணல் கோர் உட்காரும், உலோகம் போகாது. நடுத் துளை 339 சி.சி., அதுவும் உலோகம் இல்லாத இடம். இரண்டையும் கழித்துத் தகட்டின் 23ஐக் கூட்டினால் 4401 சி.சி. 7.1ஆல் பெருக்க 31.2 கிலோ.

எடையைக் கழிக்காமல் கன அளவைக் கழித்ததைக் கவனியுங்கள். துளையை எடையில் கழிக்கப் போனால், மர எடையா இரும்பு எடையா என்ற குழப்பம் எல்லாருக்கும் வரும்.

நீர்மட்டம்:
இவ்வளவு சுற்று எதற்கு? பேட்டர்னைத் தொட்டியில் முக்கினால் வழியும் தண்ணீரே கன அளவு. மரம் எதுவானாலும் கவலையில்லை.

மரத்தச்சன்:
கன அளவு கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் பேட்டர்ன் மிதக்கும், அழுத்திப் பிடிக்கும் கையும் தண்ணீரை வழியவிடும். வார்னிஷ் விட்டுப்போன இடத்தில் மரம் நீர் குடித்து உப்பினால் அளவே போய்விடும். கோர் பிரிண்டையும் துளையையும் அப்போதும் கழிக்கத்தான் வேண்டும். துண்டு வெட்டிப் பார்ப்பதில் ஒரே கவனம்: பேட்டர்ன் கிடந்த இடத்திலேயே துண்டும் கிடந்திருக்க வேண்டும். ஈரம் ஏறிய மரத்தில் எடை கூடும், வார்ப்பும் கனமாக வரும் என்று கணக்கு ஏமாற்றும்.

உலைக்களம்:
எங்களுடையது எம்.டி.எஃப். பேட்டர்ன், அலுமினிய வார்ப்பு. இதே வழிதானா?

மரத்தச்சன்:
அதே வழி. எம்.டி.எஃப். துண்டு 0.75 வந்தால், 2.7ஐ அதனால் வகுக்க 3.6 மடங்கு. ஓரத்தில் மெழுகு ஃபில்லட் நிறைய இருந்தால் அதுவும் மரக் கணக்கில் சேராது.

தேக்குப்பலகை:
31.2 வந்தது, ஆனால் நிஜத்தில் 30.8. சுருக்க அலவன்ஸ் காரணமா? பேட்டர்ன் 1 சதவீதம் பெரிது.

மரத்தச்சன்:
நீளத்தில் 1 என்றால் கன அளவில் 3. அதைக் கழித்தால் 30.3 கிலோ. உங்கள் வார்ப்பு அதைவிட அரை கிலோ கூட. தட்டி எடுக்கும்போது அச்சு அகலும், மணல் இளகலாக இருந்தால் உலோக அழுத்தத்தில் வீங்கும். அதைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

நீர்மட்டம்:
நான் சுருக்கத்தைக் கழிக்கவே மாட்டேன். தட்டலும் வீக்கமும் அதை விழுங்கிவிடும். இரும்பையும் 7.1 என்று யார் அளந்தது? 7.2 ஆனாலே அரை கிலோ மாறிப்போகும்.

தேக்குப்பலகை:
வெட்டிய ரன்னர் துண்டு ஒன்று கிடக்கிறது. அதைத் தண்ணீரில் தொங்கவிட்டு எடை போட்டுப் பார்க்கிறேன்.