எடை சரியாவதற்குப் பதில் nan ஆகிறது, உதவுங்கள்

மதி_11B: அவசரம், நாளை மறுநாள் பள்ளிக் கண்காட்சி. செல்சியஸிலிருந்து பாரன்ஹீட்டைத் தானாகக் கற்கும் நியூரல் நெட்வொர்க் எழுதினேன், ஒரே நியூரான். எடை ஏறி இறங்கிப் பெரிதாகிக்கொண்டே போய் `nan` என்று நிற்கிறது. என்ன தப்பு?

தறி: நிரலைப் போடுங்கள். கற்றல் வீதம் எவ்வளவு? என்ன எண்கள் கொடுத்தீர்கள்?

பவளமல்லி: எடையைப் பூஜ்ஜியத்தில் தொடங்கினீர்களா? அதுதான் காரணம். ரேண்டம் எண் வையுங்கள்.

செல்வி_தரவு: எனக்கும் nan வந்தது. எக்செல் கோப்பில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. பாருங்கள்.

கணக்கர்: வகைக்கெழு தெரியாமல் இறங்கினால் இப்படித்தான். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கை முடித்துவிட்டு வா தம்பி.

மதி_11B: கோப்பு இல்லை. x: 0, 10, 20, 30, 40. w, b இரண்டும் 0.

```
e = w*x + b - y
w = w - 0.01 * 2 * e * x
b = b - 0.01 * 2 * e
```

தறி: வகைக்கெழு இல்லாமலே பார்த்துவிடலாம். 40 டிகிரியை மட்டும் எடுங்கள், விடை 104. w 0 என்றால் கணிப்பு 0, பிழையின் வர்க்கம் 10816. w-ஐ 0.01 மட்டும் கூட்டினால் கணிப்பு 0.4, வர்க்கம் 10732.96. அந்தச் சிறு அசைவுக்கே 83 குறைகிறது. அதாவது சரிவு சுமார் 8300. உங்கள் நிரல் கணக்கிடுவது 8320. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது சரிதான். ஆனால் அதை 0.01-ஆல் பெருக்கினால் w ஒரே எட்டில் 83.2 ஆகிறது. வேண்டியதோ 1.8! b-யையும் சேர்த்தால் அடுத்த கணிப்பு 3330. பிழை 31 மடங்காகி எதிர்ப்பக்கம் போய்விட்டது, அடுத்த எட்டு இன்னும் பெரிது. x-ஐ 100-ஆல் வகுத்துக் கொடுங்கள்.

பவளமல்லி: பூஜ்ஜியத்தில் தொடங்கக் கூடாது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

தறி: நடு அடுக்கில் பல நியூரான்கள் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. எல்லாம் ஒரே எடையில் தொடங்கினால் ஒரே மாதிரி திருத்தம் பெற்று, கடைசி வரை ஒன்றின் நகலாகவே மற்றது இருக்கும். இங்கே இருப்பது ஒன்றுதான்.

பவளமல்லி: பழக்கமாகவே ரேண்டம் வைத்தால் என்ன கெட்டுவிடும்?

கணக்கர்: வகுக்கவே வேண்டாம், வீதத்தை 0.0001 ஆக்கினால் போதும்.

தறி: வெடிக்காது, உண்மை. ஆனால் b-யின் சரிவில் x கிடையாது, அதனால் b 32-ஐ எட்ட வெகுநேரம் ஆகும்.

மதி_11B: வகுத்தேன், nan போய்விட்டது! ஆனால் 1000 சுற்றுக்குப் பிறகும் w 155 பக்கம்தான் இருந்தது. வீதத்தை 0.1 ஆக்கியதும் w 180, b 32. 1.8 வர வேண்டாமா?

தறி: x-ஐ நீங்கள் நூறில் ஒரு பங்காக்கினீர்கள், எடை நூறு மடங்காகி அதை ஈடுகட்டிவிட்டது. 180-ஐ 100-ஆல் வகுத்துப் பாருங்கள்.

மதி_11B: 👍 நன்றி அண்ணா. 0.1 சரியாக வரும் என்று முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?