பேரு மட்டும் வந்து சேர்ந்த ஃபைல்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

தூறல்
போன வாரம் நடந்தது, இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு. கூட வேலை பாக்குற அக்கா 11 ஃபைலை ஒரே ஜிப்பா அனுப்பினாங்க. 10 நல்லா திறக்குது, முக்கியமான அந்தக் கடைசி அறிக்கைக்கு மட்டும் பேரு இருக்கு, ஐகான் இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல. டபுள் கிளிக் பண்ணா, இந்த ஷார்ட்கட் காட்டுற ஃபைலைக் காணோம், ஷார்ட்கட்டை அழிச்சிடவான்னு கேக்குது. அக்காவைக் கேட்டா "என் மிஷின்ல திறக்குதே, நீ ஏதோ தப்பா பண்ற"ன்னாங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல, ஆனா ஒரு மணி நேரம் மாத்தி மாத்தி அதையே சொல்லிட்டு இருந்தோம்.

வேகநடை
நெட் பாதியில கட் ஆகியிருக்கும், திரும்ப அனுப்பச் சொல்லுங்க. எனக்கும் ஒரு தடவை வீடியோ அப்படித்தான் வந்துச்சு, மறுபடி அனுப்பினதும் சரியாயிடுச்சு. ராத்திரியில அனுப்பச் சொல்லுங்க, அப்போ லைன் நல்லா இருக்கும், பெரிய ஃபைலுன்னா ரெண்டா உடைச்சு அனுப்பலாம், வைஃபையை விட கேபிள் நல்லது, பாதியில மிஷின் ஸ்லீப்புக்குப் போகாம பாத்துக்கணும்.

பழையவயர்
நூறு தடவை அனுப்பினாலும் தூறலுக்கு அதேதான் வரும். பாதியில அறுந்திருந்தா ஜிப்பே பெரும்பாலும் திறக்காது, ஏன்னா உள்ள என்னென்ன இருக்குங்கிற பட்டியல் ஜிப்போட கடைசியிலதான் இருக்கு. இங்க 10 ஃபைல் நல்லா வந்திருக்கு, அப்போ வழியில எதுவும் தொலையல. அக்கா ஜிப் பண்ணின ஃபோல்டர்ல அறிக்கையே இல்ல, அதோட ஷார்ட்கட்தான் இருந்திருக்கு. அந்த ஃபைலை ரைட் கிளிக் பண்ணி Properties பாருங்க, சைஸ் எவ்வளவு? Target-ன்னு என்ன எழுதியிருக்கு?

தூறல்
1.4 KB. Target-ல `D:\Final\report.docx`. எனக்கு D டிரைவே கிடையாது!

பழையவயர்
அதுதான் விஷயம். உங்களுக்கு வந்தது அக்கா மிஷின்ல ஃபைல் எங்க இருக்குங்கிற அட்ரஸ். அவங்ககிட்ட அந்த அட்ரஸ்ல ஃபைல் இருக்கு, அதனால திறக்குது. இதுல ஏமாத்துறது என்னன்னா, ஃபைல் பேருக்குப் பின்னாடி `.lnk` இருக்கும், ஆனா எக்ஸ்டென்ஷன் காட்டுன்னு செட்டிங் போட்டாலும் விண்டோஸ் அதை மட்டும் மறைச்சிடும். ஐகான் மூலையில இருக்கிற குட்டி அம்புக்குறிதான் அடையாளம். அதே ஷார்ட்கட்டை மெயில்ல நேரா அட்டாச் பண்ணியிருந்தா, தேர்ந்தெடுக்கிற அந்த விண்டோ பொதுவா அட்ரஸைப் பிடிச்சுப் போய் அசல் ஃபைலையே எடுத்திருக்கும். ஜிப் அப்படிப் போகாது, கையில கொடுத்ததை அப்படியே கட்டிடும். "எப்பவும் சரியா போகுமே"ன்னு அக்கா சொல்றதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்.

வேகநடை
சரி ஒத்துக்கிறேன். ஆனா சைஸை நம்பக் கூடாது, என்கிட்ட Size on disk 0-ன்னு காட்டுற ஃபைல் நல்லாவே திறந்துச்சு.

பழையவயர்
அது வேற வரி. Size பாருங்க, Size on disk இல்ல. கிளவுட்ல மட்டும் இருக்கிற ஃபைலுக்கு டிஸ்க்ல இடம் 0-ன்னு காட்டும், Size முழுசா இருக்கும், நெட் இருந்தா இறங்கித் திறக்கும். அனுப்பினவர் பக்கமும் உங்க பக்கமும் Size வரியில பைட் எண்ணிக்கை ஒண்ணா இருக்கான்னு கேளுங்க. ஒண்ணா இருந்தா பெரும்பாலும் ஃபைல் முழுசா வந்திருக்கு, காட்டுறதுலதான் கோளாறு. ஒண்ணா இல்லன்னா வழியில குறைஞ்சிருக்கு, இல்ல அவங்க பாக்கிறது ஒண்ணு, அனுப்பினது இன்னொண்ணு.

நீலமை
நான் கேக்கிறதும் இதுதானான்னு தெரியல. விண்ணப்பம் PDF, பேரு தேதி எல்லாம் நிரப்பி அனுப்பினேன், "காலி ஃபாரம் அனுப்பியிருக்கீங்க"ன்னு பதில் வந்துச்சு. நாலு தடவை அனுப்பினேன், நாலு தடவையும் அதே வரி. என் கண்ணு முன்னாடி நிரப்பி இருக்கு, அழுகையே வந்துடுச்சு. பைட் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

பழையவயர்
அப்போ உங்க எழுத்து அங்க போய்ச் சேர்ந்திருக்கு, தெரியலை அவ்வளவுதான். ஃபாரத்துல டைப் பண்றது பக்கத்து மேல நேரா எழுதறது இல்ல, கட்டத்தோட மதிப்பா தனியா சேமிக்கும். அதை எப்படி வரையணும்ங்கிறது இன்னொரு பகுதி, அது இல்லன்னா சில ஆப் காலியாவே காட்டும். அவங்களை வேற ஆப்ல திறக்கச் சொல்லுங்க, இல்ல அந்தக் கட்டத்துக்குள்ள கிளிக் பண்ணச் சொல்லுங்க, எழுத்து சட்டுனு வந்தா இதுதான் காரணம். நீங்க Print போய் Save as PDF பண்ணி அந்தக் காப்பியை அனுப்புங்க, எழுத்து பக்கத்தோட ஒட்டிடும். டிஜிட்டல் கையெழுத்து போட்டிருந்தா மட்டும் இப்படிச் செய்யாதீங்க, கையெழுத்து செல்லாமப் போயிடும்.

நீலமை
கட்டத்துல கிளிக் பண்ணினா பேரு வருதாம்! தேதி மட்டும் கிளிக் பண்ணியும் வரலையாம். அது ஏன்?

பழையவயர்
தேதிக் கட்டத்துல எழுதிட்டு வெளிய கிளிக் பண்ணாமலே சேவ் பண்ணீங்களா? சில ஆப்ல அப்படிச் செஞ்சா கடைசியா எழுதின கட்டம் சேமிக்காது. உங்களுக்கு அதுதானான்னு உங்க காப்பியை மூடி, வேற மிஷின்ல திறந்து பாத்துட்டு சொல்லுங்க.

தூறல்
அக்கா அசல் அறிக்கையை அனுப்பிட்டாங்க, 2.3 MB. அந்த 1.4 KB ஃபைலை நான் இன்னும் அழிக்கல.