கார்த்திகை வாழ்த்துப் படம்: சுடர் வெளுக்காமல் அகல் வரிசையை எடுப்பது எப்படி?

வணக்கம். திண்ணை விளிம்பில் ஒன்பது அகல், நல்லெண்ணெய், பஞ்சுத் திரி. கேமரா முக்காலியில், ஐஎஸ்ஓ 200, f/4, ரா கோப்பு. இருட்டிய பிறகு 1/15 நொடியில் எடுத்தால் மண் நிறமும் கோலமும் அழகாகத் தெரிகின்றன, சுடரோ வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. 1/500-இல் சுடரின் மஞ்சளும் அடியிலுள்ள நீலமும் கிடைக்கின்றன. அகல்கள் இருளில் மறைந்துவிடுகின்றன. இடைவெளி ஐந்து ஸ்டாப்.

மொத்த ஹிஸ்டோகிராம் ஏமாற்றுகிறது. அது சரியாகத் தோன்றும்போதே சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கிறது. சுடர் வெளிறுவது அங்கிருந்துதான். இரண்டு படங்களையும் இணைத்தால், சுடர் அசைவதால் ஓரத்தில் இரட்டை நிழல். திரி நுனியைக் குறைத்ததில் புகையும் ஆட்டமும் குறைந்தன, அவ்வளவுதான்.

ஒரே படமாக எடுக்கவே விருப்பம். இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, வானில் வெளிச்சம் மிச்சமிருக்கும் அந்தி. ஆனால் மண் நீலம் பூசிக்கொள்கிறது. மற்றொன்று, ஆரஞ்சு ஜெல் ஒட்டிய ஃபிளாஷைச் சுவரில் அடித்துத் திருப்புவது. ஃபிளாஷ் ஒத்திசைவுக்காக 1/500, f/4 என்பதை 1/200, f/6.3 என மாற்றினாலும் சுடர் பதியும் ஒளியளவு மாறாது.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: முழு ஜெல்லா, பாதியா? எந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் சுடரிலிருந்தே ஒளி வருவதுபோல் இருக்கும்?